ஏ4-ல் 12 பாயின்ட், ஏ5-ல் எட்டரை: ஒரு சின்னப் புத்தகத்தின் வரிக்கணக்கு

கடலூரில் பக்கம் கட்டும் வேலை செய்கிறேன். திருமணப் பத்திரிகை, கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை என்று வருவதுதான் அதிகம். நடுநடுவே யாராவது தாங்களே எழுதிய சின்னப் புத்தகத்தைக் கொண்டு வருவார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: “எழுத்து பொடியா வந்துடுச்சு.” மீதிப் பேர், “எழுத்தைப் பெரிசாத்தான் போட்டேன், ஆனாலும் படிக்க முடியல” என்பார்கள். இரண்டு குறைகளையும் ஒரே புத்தகத்தில் பார்த்தது ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கொண்டு வந்தபோதுதான். அதனால் அந்தக் கணக்கை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

டீச்சர் எழுதியிருந்தது பழைய கடலூரைப் பற்றிய நினைவுகள். கெடிலத்தில் வெள்ளம் வந்தது, துறைமுகத்துப் பக்கம் தோணிகள் நின்றது, திருப்பாதிரிப்புலியூர்த் தேர், தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சுவர் என்று நன்றாகவே எழுதியிருந்தார். வாசிக்கப்போகிறவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள், பழைய மாணவர்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், அத்தனை பேருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. வீட்டில் யாரோ வேர்டில் தட்டச்சு செய்து கொடுக்க, ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஏ4 தாளை நடுவில் மடித்து, சென்டர் பின் அடித்து, கொஞ்சம் பிரதிகள் எடுத்துவிட்டார். கையில் வந்ததைப் பார்த்ததும் அவருக்கே படிக்க முடியவில்லை.

“தம்பி, 12 பாயின்ட்லதான் அடிச்சது. கம்ப்யூட்டர்ல பாத்தேன், 12னுதான் போட்டிருக்கு. எப்படி இவ்வளவு பொடியாச்சு?”

வேர்டில் 12 என்று போட்டது ஏ4 பக்கத்துக்கு. மடித்த புத்தகத்தின் பக்கம் ஏ5, அதாவது ஏ4-ல் பாதி. பரப்பு பாதியாகும்போது நீள அகலம் இரண்டும் 71 சதவீதமாகும். பிடிஎஃப் கோப்பை அச்சிடும்போது `Booklet` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் தானாகவே ஒவ்வொரு பக்கத்தையும் அந்த அளவுக்குச் சுருக்கிவிடும், யாரிடமும் கேட்காது. 12-ஐ 0.71-ஆல் பெருக்கினால் எட்டரை. டீச்சர் கையில் இருந்தது எட்டரை பாயின்ட் புத்தகம்.

ஆகவே முதல் வேலை, வேர்டில் பக்க அளவையே ஏ5 ஆக்குவது: 148 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். அப்போது 12 என்றால் தாளிலும் 12. மாதிரி எடுக்கும்போது `Fit` என்று இருப்பதை `Actual size` என்று மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் மாதிரிப் பிரதியும் சில சதவீதம் சுருங்கி வந்து நம்மை ஏமாற்றும்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். பாயின்ட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரே 12 பாயின்ட்டில் லதா எழுத்துரு பெரிதாகத் தெரியும், விஜயா கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும். எண் குறிப்பது எழுத்தை வரைந்திருக்கும் கட்டத்தின் உயரத்தை. அந்தக் கட்டத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைத்தவர் விருப்பம். அதனால் நான் ஒரு ‘ப’வை 72 பாயின்ட்டில் அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளப்பேன். டீச்சருக்காக எடுத்த எழுத்துருவில் அது 12 மில்லிமீட்டரும் சொச்சமும் இருந்தது. ஆறால் வகுத்தால் 12 பாயின்ட்டில் ‘ப’வின் உயரம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எட்டரையில் ஒன்றரை மில்லிமீட்டர். வயதானவர்கள் படிக்கும் புத்தகத்தில் ‘ப’ 2 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு.

சரி, எழுத்து சிறியது என்பது தெரிந்த குறை. டீச்சரின் முதல் புத்தகத்தில் தெரியாத குறை ஒன்றும் இருந்தது, அது வரியின் நீளம். ஒரு வரியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். இடைவெளியும் சேர்த்து 58 வந்தது. உயிர்மெய்யை ஒன்றாகவும் புள்ளி எழுத்தை ஒன்றாகவும் வைத்து எண்ணுவது என் வழக்கம். ஆங்கிலப் புத்தகங்களுக்கு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை போகலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டு 60-65 வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்முடைய ஒரு ‘கொ’ ஒரே எழுத்துதான், இடமோ மூன்று எழுத்துக்கு உரியதைப் பிடிக்கும். 58 தமிழ் எழுத்தில் அடங்கியிருப்பது ஆங்கிலத்தில் 58 எழுத்தில் இருப்பதைவிட ரொம்ப அதிகம். உரைநடைக்கு 36 முதல் 44 வரை வைத்தால் கண் சிரமமில்லாமல் போகிறது என்பது என் அனுபவம். 50-ஐத் தாண்டினால் தடுமாற்றம் ஆரம்பிக்கும்.

தடுமாற்றம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்பவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. “நல்லாத்தான் இருக்கு, கண்ணுதான் சரியில்ல” என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்வார். வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வரியின் கடைசிக்குப் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வரும்போது, அதே வரிக்கே வந்துவிட்டால் படித்ததையே மறுபடி படிப்பார். ஒரு வரி தாண்டி இறங்கினால் பொருள் புரியாமல் நின்று மேலே போவார். இன்னும் சிலர் தங்களை அறியாமலே வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொள்வார்கள். இந்த மூன்றில் எது நடந்தாலும் வரி நீளம் அல்லது வரி இடைவெளியில்தான் கோளாறு, எழுத்தின் அளவில் இல்லை. ஒரு சொல்லிலேயே தடுக்கி நின்று, புத்தகத்தை விலக்கிப் பிடித்துப் பார்த்தால் அதுதான் எழுத்தின் அளவு.

டீச்சர் முதல் புத்தகத்தால் கடுப்பாகி, என்னிடம் வருவதற்கு முன்பே இன்னோர் இடத்தில் இரண்டாவது மாதிரி ஒன்றை எடுத்திருந்தார். “பெரிசாப் போடுங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்களும் ஏ5 பக்கத்தில் 14 பாயின்ட் போட்டு, பக்கம் கூடாமல் இருக்க மார்ஜினை எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராக்கி, வரி இடைவெளியை மென்பொருளின் தானியங்கி அளவிலேயே விட்டிருந்தார்கள். பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் அந்தத் தானியங்கி அளவு எழுத்தின் அளவில் 120 சதவீதம், 14-க்கு 16.8 பாயின்ட். எழுத்து பெரிதுதான், வரிக்கு 40 எழுத்துதான். ஆனாலும் பக்கத்தைத் திறந்தால் கறுப்புத் திட்டாக நிற்கிறது. “இது பெரிசா இருக்கு, ஆனா மூச்சு முட்டுது தம்பி” என்றார் டீச்சர்.

அந்த 120 சதவீதம் ஆங்கில எழுத்துக்கு ஓரளவு பொருந்தும். தமிழில் வரிக்கு மேலேயும் கீழேயும் நடமாட்டம் அதிகம். கி, வீ, மீ என்றால் மேலே சுழி ஏறும். மெய்யெழுத்துக்குப் புள்ளி மேலே நிற்கும். பு, து, நு, ழு என்றால் வால் கீழே இறங்கும். மேல்வரியில் ‘புழுதி’ இருந்து அதற்கு நேர் கீழே ‘மீன்’ வந்தால், மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் ஒன்றோடொன்று உரசும். அதைவிடக் கெடுதல் புள்ளிக்கு. வால் பக்கத்தில் வந்து நின்றால் புள்ளி அதோடு சேர்ந்து மறைந்துவிடும். ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிட்டால் படிப்பவர் ஒரு நொடி நின்று, பிறகு ஊகித்துக்கொண்டு போவார். ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் இப்படி நின்றால் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார், காரணம் தெரியாமலே.

மாதிரிப் பக்கத்தைக் கொஞ்ச தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது தெரியும். வரிகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டை தொடர்ச்சியாக ஓட வேண்டும். அங்கங்கே அறுந்து போனால் இடைவெளி போதாது. தமிழ் உரைநடைக்கு எழுத்தின் அளவில் 140 முதல் 150 சதவீதம் வைப்பேன். 12-க்கு 17 அல்லது 18. வரி நீளம் 40 எழுத்தைச் சுற்றி இருந்தால் 140 போதும். வரி நீள நீள இடைவெளியும் கூட வேண்டும், திரும்பி வரும் கண்ணுக்கு வெள்ளைப் பாதை அகலமாக இருந்தால்தான் சரியான வரியில் இறங்கும். 50 எழுத்து வரி தவிர்க்க முடியாது என்றால் 155 வரை போய்விடுவேன். அதற்கு மேல் போனால் வரிகள் தனித்தனியாகப் பிரிந்து, பத்தி ஒரே பத்தியாகத் தெரியாது.

வேர்டில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே ஒற்றை இடைவெளி என்பது நிலையான அளவு இல்லை, எழுத்துருவுக்குள் பதிந்திருக்கும் உயரத்தைப் பொறுத்து மாறும். ஒரு வரியில் மட்டும் ஆண்டு எண்ணோ ஆங்கிலச் சொல்லோ வேறு எழுத்துருவில் வந்தால் அந்த வரி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். டீச்சரின் கோப்பில் 1690, 1758 என்று ஆண்டுகள் வந்த வரிகளெல்லாம் அப்படித்தான் இருந்தன. `Line spacing` என்ற இடத்தில் `Exactly` தேர்ந்தெடுத்து 17 pt என்று கொடுத்ததும் எல்லா வரியும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன.

அடுத்து பக்கக் கணக்கு. எல்லாரும் இங்கேதான் இடைவெளியைப் பலி கொடுப்பார்கள். ஒரு வரியில் எத்தனை எழுத்து, பக்கத்துக்கு எத்தனை வரி என்று பெருக்கினால் ஒரு பக்கத்தின் கொள்ளளவு வந்துவிடும். முதல் புத்தகம் 24 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்கு 58. மொத்தம் சுமார் 55,000 எழுத்து. இரண்டாவது மாதிரியில் வரிக்கு 40, பக்கத்துக்கு 32 வரி, ஆக 1,280. மொத்தம் 44 பக்கம். நான் போட்ட பக்கத்தில் வரியின் அகலம் 10.8 சென்டிமீட்டர், எழுத்து 12 பாயின்ட், இடைவெளி 17. வரிக்கு 39 எழுத்து, பக்கத்துக்கு 29 வரி, ஆக 1,131. மொத்தம் 49 பக்கம் வந்து, மடிப்புக் கணக்குக்காக 52 ஆனது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். 44-க்கும் 52-க்கும் வித்தியாசம் பிரதிக்கு இரண்டே இரண்டு ஏ4 தாள். இதைக் கேட்ட பிறகு டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை.

14-ஐ 12 ஆக்குவதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அதனால் ஒரே பத்தியை மூன்று விதமாக அச்சிட்டேன்: 14-க்கு 16.8, 12-க்கு 17, 12-க்கு 14.4. எது என்ன அளவு என்று தாளில் எழுதவில்லை, பின்பக்கம் பென்சிலால் ஒரு குறி மட்டும். டீச்சர் அவற்றை எடுத்துக்கொண்டு சில்வர் பீச்சில் மாலையில் வந்து உட்காரும் தன் பழைய சகாக்களிடம் கொடுத்தார். எதில் எழுத்து பெரிது என்று கேட்க வேண்டாம், ஆளுக்கு ஒரு தாளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். 12-க்கு 17 தாளைப் பெரும்பாலும் தடங்கல் இல்லாமல் படித்திருக்கிறார்கள். 14-ல் ஒருவர் வரி மாறிப் போயிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, 12-க்கு 17-ம் 12-க்கு 14.4-ம் ஒரே அளவு எழுத்து என்பதை அவர்கள் நம்பவே இல்லையாம். இடைவெளி உள்ளதில்தான் எழுத்து பெரிது என்று சாதித்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கண்புரையோ வேறு பார்வைக் குறையோ உள்ளவர்களுக்கு 12 போதாது. அவர்களுக்கு 16-க்கு மேல் தனிப் பதிப்புதான் போட வேண்டும், எவ்வளவு இடைவெளி கொடுத்தாலும் ஈடாகாது. நான் சொல்வது கண்ணாடி போட்டால் செய்தித்தாள் படிக்க முடிகிறவர்களுக்கு.

வரி நீளத்தைக் குறைத்தால் தமிழில் ஒரு புதுத் தொல்லை வரும். நம் சொற்கள் நீளமானவை, கடலூர்ப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் அதைவிட நீளமானவை. டீச்சரின் ஒரு வாக்கியம் இப்படி ஆரம்பித்தது: “திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தேவனாம்பட்டினத்திற்கு வண்டிகட்டிக்கொண்டுதான்”. முதல் சொல் 15 எழுத்து, இரண்டாவது 12. நடுவில் ஓர் இடைவெளி சேர்த்து 28. வரியின் கொள்ளளவு 39, மீதி 11 எழுத்துக்கு இடம். மூன்றாவது சொல்லுக்கு 12 வேண்டும். அது அடுத்த வரிக்கு இறங்கிவிடும். இருபுறமும் சமமாக நிறுத்தும் ஜஸ்டிஃபை போட்டிருந்தால், அந்த 11 எழுத்து வெற்றிடம் முழுவதும் இரண்டு சொற்களுக்கு நடுவே போய் உட்காரும். ஒரு பக்கத்தில் நாலைந்து வரி இப்படி ஆனால் பக்கம் முழுக்கப் பொக்கை வாயாகத் தெரியும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, வலது ஓரத்தைச் சமமாக்காமல் விட்டுவிடுவது. படிக்க இதுதான் எளிது, சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்கும். ஆனால் நம் ஊரில் வலது ஓரம் ஏறி இறங்கினால் “வேலை முடியலையா?” என்று கேட்பார்கள். டீச்சரும் கேட்டார். இன்னொன்று, பழைய தமிழ்ப் புத்தகங்களில் இருந்த வழி: சொல்லை வரிக் கடைசியில் உடைத்து மீதியை அடுத்த வரியில் போடுவது. அவர்கள் இணைப்புக் கோடுகூடப் போட மாட்டார்கள், நாமும் போட வேண்டியதில்லை. மேலே சொன்ன வாக்கியத்தில் ‘வண்டிகட்டிக்’ வரை 7 எழுத்து, அது அந்த வரியிலேயே அடங்கும். ‘கொண்டுதான்’ கீழே போகும். ஓட்டை மறைந்துவிட்டது.

உடைக்கும்போது சிலவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கவே கூடாது. ‘வண்டிகட்டி’ என்று நிறுத்தி ‘க்கொண்டுதான்’ என்று தொடங்கினால் படிப்பவர் தடுக்கி விழுவார். இரண்டு எழுத்தை மட்டும் தனியே விடுவதும் நன்றாக இருக்காது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று எழுத்தாவது இருக்கட்டும். பாமினி போன்ற பழைய முறை எழுத்துருவில் வேலை செய்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கொம்பும் காலும் தனித்தனி விசை, மென்பொருளுக்கு அது ஓர் எழுத்து என்று தெரியாது. ‘கொ’வின் கொம்பு மேல்வரிக் கடைசியிலும் மீதி கீழ்வரியிலும் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. எப்படியானாலும் நான் கடைசியில் ஒருமுறை எல்லாப் பக்கத்தின் வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுவேன்.

மார்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 148-ல் 108 போக 40 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்கம் 18, வெளிப்பக்கம் 22 வைத்தேன். வெளியே கட்டைவிரல் வைக்க இடம் வேண்டும். தவிர, 13 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் நடுத்தாள்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே பிதுங்கும், வெட்டும்போது அது போய்விடும். நடுப்பக்கங்களில் வெளி மார்ஜின் குறுகித் தெரிவது அதனால்தான். ஒரு சென்டிமீட்டர் மார்ஜினில் இது கண்ணை உறுத்தும், 22-ல் யாருக்கும் தெரியாது.

தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. 60-ல் போட்டால் பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் நிழலாடி, நாம் பாடுபட்டு விட்ட வரி இடைவெளிக்குள் வந்து உட்காரும். 70-லும் கொஞ்சம் நிழல் தெரியத்தான் செய்யும். அதற்காக இரண்டு பக்கத்து வரிகளும் ஒன்றின் பின்னால் ஒன்று சரியாக விழும்படி வைத்துவிட்டால் நிழல் எழுத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எல்லாப் பக்கத்திலும் முதல் வரி ஒரே உயரத்தில் தொடங்கி, பத்திகளுக்கு நடுவே அரைகுறை இடைவெளி விடாமல் ஒரு முழு வரி விட்டாலோ ஒன்றுமே விடாமல் முதல் வரியை மட்டும் உள்தள்ளினாலோ இது தானாக அமையும். நான் உள்தள்ளலைத்தான் எடுத்துக்கொண்டேன், பக்கம் மிச்சம்.

இப்படி மிச்சம் பிடித்தும் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்தபோது 52-க்கு மேல் ஒன்றரைப் பக்கம் இடித்தது. டீச்சர், “உள்ள இருக்குறதை 16 ஆக்கிடலாமா?” என்று 17-ஐக் காட்டினார். அதைத் தொடவில்லை. புத்தகத்தின் கடைசியில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. பட்டியலை யாரும் வரிவரியாகத் தொடர்ந்து படிப்பதில்லை, தன் பெயரைத் தேடுவார்கள், கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் 10-க்கு 14 ஆக்கி, பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது ஓரம் மட்டும் சமமாக வைத்தேன். ஒன்றரைப் பக்கமும் அதிலேயே கிடைத்துவிட்டது. புத்தகம் வந்த பிறகு எழுத்தைப் பற்றி வந்த புகார் ஒன்றே ஒன்று. தன் பெயரை ஏன் இத்தனை சின்னதாகப் போட்டீர்கள் என்று டீச்சரிடம் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்.